கீழக்கரை உப்புக்காற்றில் ரிக்கார்டு பிளேயர்: புதுசா, பரணில் கிடக்கும் பழசா?

கடற்கரைத்தெரு
4 அக்டோபர் 2024, இரவு 9.40

மகன் சென்னையிலிருந்து புது எல்.பி. தட்டு இரண்டு வாங்கி வந்திருக்கிறான். அதற்காகப் புது பிளேயர் ஒன்று வாங்க இருந்தோம். உம்மா சொன்ன பிறகுதான், வாப்பா 80களில் தம்மாமிலிருந்து கொண்டுவந்த பெல்ட் பிளேயர் பரணில் இருப்பது தெரிந்தது. துணி சுற்றி வைத்ததால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெல்ட் மட்டும் பிசின் மாதிரி உருகி ஒட்டிக்கிடக்கிறது.

கேள்வி மூன்று. இதைச் சரிசெய்து ஓட்டுவதா, புதுசு வாங்குவதா? கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில் தட்டு எத்தனை நாள் தாங்கும்? கடைசியாக, கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கும்போது இது ஏன் திரும்பி வருகிறது? மகனைக் கேட்டால் "சவுண்டு வேற மாதிரி வாப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

உச்சிப்புளி மைக்செட்
4 அக்டோபர், இரவு 10.15

புதுசெல்லாம் எதற்கு? பழசுதான் இரும்பு. பெல்ட் மாற்று, ஒரு சொட்டு எண்ணெய் விடு, ஓடும். கல்யாண வீட்டில், கோயில் கொடையில், கந்தூரியில் எல்லாம் இதைத்தான் ஓட்டினோம். முள் துள்ளினால் தலைப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் போதும். சவுண்டு வரவில்லை என்றால் ஆம்பிளிஃபயரில் மைக் துளையில் சொருகு.

தொண்டி
5 அக்டோபர், காலை 7.05

மூன்றாவது கேள்விக்கு என் பதில். நான் முதலில் தட்டு வாங்கியது அட்டைப் படத்துக்காக. ஓட்ட பிளேயரே இல்லை. லூமினேட் என்கிற கணக்கெடுப்பு நிறுவனம் 2023ல் சொன்னது நினைவிருக்கிறது: அமெரிக்காவில் தட்டு வாங்குபவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருக்கிறதாம். அப்புறம் சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கிற பிளேயர் ஒன்று வாங்கினேன். பாட்டு வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அதே தட்டில் 'ஸ்' எழுத்து வருகிற இடமெல்லாம் எண்ணெயில் வடை போட்டது போல் பொரிய ஆரம்பித்துவிட்டது. தட்டு கெட்டதா, முள் கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள் அண்ணே.

பழைய செட்
5 அக்டோபர், காலை 11.30

ராமநாதபுரத்தில் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடற்கரைத்தெரு காக்கா, எதையும் சொருகிவிடாதீர்கள். பிளேயரின் பின்பக்கம் அல்லது அடியில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு பெல்ட்டைப் பற்றிப் பேசலாம்.

தங்கச்சிமடம்
5 அக்டோபர், மதியம் 2.20

எங்கள் தாத்தா வைத்திருந்த தட்டு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. கனமாக இருக்கும், கீழே போட்டால் பீங்கான் மாதிரி உடையும். இப்போது மவுசு வந்துவிட்டது என்கிறீர்களே, என்ன விலைக்குப் போகும்? புதுப் பிளேயரில் ஓடுமா?

கடற்கரைத்தெரு
5 அக்டோபர், மாலை 6.50

தகட்டில் 127V, 60Hz என்று இருக்கிறது. 230 வோல்ட் பற்றி ஒன்றுமே இல்லை.

உச்சிப்புளி மைக்செட்
5 அக்டோபர், இரவு 7.10

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். சவூதிச் சாமானுக்கெல்லாம் ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள். மிக்ஸி ஓடவில்லையா?

பழைய செட்
5 அக்டோபர், இரவு 9.00

பாதி சரி. டிரான்ஸ்ஃபார்மர் போடாமல் 230ல் சொருகியிருந்தால் மோட்டார் கருகியிருக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் என்பது சவூதி மின்சாரம். நம் ஊரில் 50. மிக்ஸி கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் சட்னி சட்னிதான், யாருக்கும் தெரியாது. பிளேயரில் தெரியும்.

அந்தக் காலத்து பெல்ட் பிளேயர் பலவற்றில் இருக்கிற மோட்டார் கரண்டின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற வகை. துடிப்பு ஆறில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் சுற்றும். மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் 36 விநாடி ஓடும். பாட்டு இழுப்பதோடு நிற்காது, சுருதியும் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவது போலக் கேட்கும். பெண் குரல் ஆண் குரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

துபாய், அபுதாபியிலிருந்து வந்த செட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்ததற்கு இதே கதைதான். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60, அதனால் அங்கிருந்து வருவதைத் தகடு பார்க்காமல் தொடக்கூடாது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் வகையிலும், அடாப்டரில் டி.சி. கரண்ட் கொடுத்து ஓடும் இன்றைய பிளேயர்களிலும் வேகத்தை உள்ளே இருக்கிற சர்க்யூட்டே பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை.

பழைய செட்
5 அக்டோபர், இரவு 9.25

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கடையில் கிடைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 110 வோல்ட் தரும். தகட்டில் 127 என்று இருக்கிறதே, குறையுமே என்று பயப்பட வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50ல் ஓட்டும்போது வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைத்தால்தான் சூடாகாது. 127ஐ ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் ஏறக்குறைய 106. எனவே 110தான் உங்களுக்குப் பொருத்தம்.

கடற்கரைத்தெரு
9 அக்டோபர், இரவு 8.30

பெல்ட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்தன. உருகிய பழைய பெல்ட்டைச் சுரண்டி எடுக்கத்தான் நேரம் பிடித்தது. தட்டு சுற்றுகிறது. பாட்டு போடவில்லை. வேகம் சரியா என்று பாட்டு போடாமலே பார்க்க வழி உண்டா?

பழைய செட்
9 அக்டோபர், இரவு 9.10

உண்டு. தட்டு உட்காரும் வட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுங்கள். விரலில் தட்டிக்கொண்டே வரட்டும். மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33⅓ சரியாக இருந்தால் மூன்று நிமிடத்துக்கு 100 சுற்று. உங்களுக்கு 83 வரும் பாருங்கள்.

சில பிளேயரில் அந்த வட்டின் விளிம்பைச் சுற்றிப் புள்ளிகள் இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் அவை நகராமல் நின்றால் வேகம் சரி என்று அர்த்தம். 50க்கு ஒரு வரிசை, 60க்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக இருக்கும். ஆனால் இன்றைய எல்.இ.டி. பல்பு பலவற்றில் அந்தத் துடிப்பு சரியாக வராது. எண்ணுவதுதான் நிச்சயம்.

கடற்கரைத்தெரு
9 அக்டோபர், இரவு 9.40

83. அதற்கு மேல் ஒரு கால் சுற்று இருக்கலாம். நீங்கள் சொன்னபடியே.

சாயல்குடி
10 அக்டோபர், காலை 6.15

60 ஹெர்ட்ஸ் தருகிற சின்ன சைன்வேவ் இன்வெர்ட்டர் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மோட்டார் இழுப்பது சில வாட்தான். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் கையில் பெரிய செலவில்லை. பிளேயரைக் குடையவே வேண்டாம், நாளைக்கு விற்றாலும் அப்படியே விற்கலாம்.

பழைய செட்
10 அக்டோபர், காலை 10.45

அதுவும் வழிதான். அலை சுத்தமாக வர வேண்டும், இல்லையென்றால் மோட்டார் ரீங்கரிக்கும், அந்த ரீங்காரம் பெல்ட் வழியாக முள்ளுக்கு வரும். நான் புல்லி மாற்றுவதைத்தான் விரும்புவேன், சொருகி விட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. இதில் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்.

காக்கா, மோட்டார் தண்டில் பெல்ட் உட்காரும் அந்தச் சின்னப் பித்தளைச் சக்கரம்தான் புல்லி. அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியாகக் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வேகம் ஆறில் ஐந்தாகிவிட்டது, எனவே புல்லியை ஐந்துக்கு ஆறு என்று பெரிதாக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 10 மில்லிமீட்டர் இருந்தால் 12 என்று கடைகிறார்கள். பெல்ட்டுக்கும் ஒரு தடிமன் இருக்கிறதே! பெல்ட் 0.6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். உண்மையில் சுற்றும் விட்டம் 10.6. அதை 1.2ஆல் பெருக்கினால் 12.72. அதிலிருந்து பெல்ட்டின் 0.6ஐக் கழித்தால் புல்லி 12.12 வர வேண்டும். வெறும் 12 என்று கடைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று மெதுவாகும். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்துக்குப் புல்லியில் இருக்கிற பெரிய படிக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

விட்டத்தை விட முக்கியம், துளை நட்டநடுவில் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் நீண்ட நாதஸ்வர ஒலி, வயலின் ஒலி எல்லாம் தண்ணீரில் அசைவது போல நெளியும். வாய்ப்பாட்டில் உடனே தெரியாது, கம்பி வாத்தியத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கடைபவரிடம் துளையும் வெளிவட்டமும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள், பிடியைக் கழற்றி மாட்டினால் நடு தப்பும்.

தொண்டி
10 அக்டோபர், இரவு 8.00

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய செட்
10 அக்டோபர், இரவு 10.20

சொல்கிறேன் தங்கச்சி. முள் மாட்டியிருக்கிற தலையைத்தான் காட்ரிட்ஜ் என்போம். சூட்கேஸ் வகைகள் பலவற்றில் செராமிக் காட்ரிட்ஜ் இருக்கும். அதன் முள் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல மேக்னட் காட்ரிட்ஜ் இரண்டு கிராமில் வேலை செய்யும். அதோடு ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தம் கூடக் கூடப் பெட்டி அதிர்ந்து முள்ளையும் அதிர வைக்கும்.

ஆனால் நேராகத் தட்டைக் குறை சொல்ல முடியாது. அதே தட்டை வேறு நல்ல பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் பொரிந்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது, திரும்பாது. அங்கே சுத்தமாக வந்தால் உங்கள் முள்தான் தேய்ந்திருக்கிறது. பொரிவது தட்டின் உள்வட்டத்துப் பாட்டில் மட்டும் என்றால் அது கொஞ்சம் இயல்பு. வெளிவட்டத்தில் முள் விநாடிக்கு அரை மீட்டர் போகிறது, கடைசிப் பாட்டில் அதில் பாதிக்கும் குறைவு. அதே ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள், முள்ளுக்கு அதைப் பின்பற்றுவது கஷ்டம்.

உச்சிப்புளி மைக்செட்
11 அக்டோபர், காலை 8.30

அப்படியென்றால் முள்ளை எவ்வளவு லேசாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே? இரண்டு கிராம் என்றால் ஒரு கிராம் வைத்தால் தட்டு சாகும் வரை தேயாது.

பழைய செட்
11 அக்டோபர், மதியம் 1.15

இதுதான் நிறையப் பேர் நம்புவது. அழுத்தம் அதிகமானால் தேயும், சரி. அழுத்தம் குறைவாக இருந்தால் பெரிய ஒலி வரும் இடத்தில் முள் பள்ளத்தின் சுவரை விட்டுக் கிளம்பி, திரும்ப வந்து மோதும். அந்த மோதல் சுவரைச் செதுக்குகிறது. கொஞ்சம் அதிகம் வைப்பதை விட இது மோசம். தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். உதாரணமாக, ஆடியோ டெக்னிகா வி.எம்.95இ என்ற காட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம். நடுவில் 2 கிராமில் வையுங்கள்.

இனி உங்கள் காசு. 2011 வரிசை ஒரு ரூபாய்க் காசு 3.79 கிராம், 2019ல் வந்த புது வரிசைக் காசு 3.09. இரண்டு கிராமில் இருக்கிற முள்ளுக்கு மேல் 2011 வரிசைக் காசை வைத்தால் ஏறக்குறைய ஆறு கிராம். மைக்செட் காலத்து செராமிக் தலையில் அது செல்லுபடியானது, அது கனத்தைத் தாங்குகிற தலை. இன்றைய முள்ளில் வைத்தால் அதன் பிடியே அமுங்கிக் காட்ரிட்ஜின் அடி தட்டில் உரசும்.

காசுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. நகைக்கடைத் தராசு போலச் சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினால், அந்த 2011 வரிசை ஒரு ரூபாயை வைத்துப் பாருங்கள், 3.79க்குப் பக்கத்தில் காட்டினால் தராசை நம்பலாம். முள்ளை நிறுக்கும்போது தராசின் மேற்பரப்பு தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். தராசுத் தட்டு இரும்பாக இருந்தால் காட்ரிட்ஜில் இருக்கிற காந்தம் இழுத்துப் பொய் எடை காட்டும்.

உச்சிப்புளி மைக்செட்
11 அக்டோபர், மதியம் 2.00

மைக் துளை விஷயத்திலாவது நான் சரிதானே? நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

பழைய செட்
11 அக்டோபர், மாலை 4.40

உங்கள் செட்டுக்குச் சரி. செராமிக் தலை சத்தம் அதிகமாகத் தரும், தொனியும் ஓரளவு தானாகவே சமமாகிவிடும். மேக்னட் தலை தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு. மைக் துளையில் சொருகினால் சத்தம் வரும், ஆனால் மேளத்தின் அடியே இருக்காது, எல்லாம் கிறீச்சென்று இருக்கும். தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், இல்லையென்றால் தாழ்ந்த ஒலி பள்ளத்தை அகலமாக்கி இடத்தைத் தின்றுவிடும். ஓட்டும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுப்பதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். புதுப் பிளேயர் வாங்குகிறவர்கள் அது உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் தனிச் செலவு மிச்சம். காக்காவின் பிளேயரில் இருக்காது. தனியாக வாங்க வேண்டும், பிளேயரிலிருந்து வருகிற மெல்லிய எர்த் ஒயரை அதன் திருகில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் ஹம் என்று இரையும்.

கடற்கரைத்தெரு
16 அக்டோபர், இரவு 9.15

புல்லி கடைந்தாகிவிட்டது. மூன்று நிமிடத்துக்கு நூறை அரைச் சுற்று தாண்டுகிறது. அரை விழுக்காடு வேகம் கூடுதல். விடலாமா?

பழைய செட்
16 அக்டோபர், இரவு 9.50

விடுங்கள். கூட வாத்தியம் வைத்து வாசிக்கப் போவதில்லை என்றால் யாருக்கும் தெரியாது. புதுப் பெல்ட் இன்னும் கொஞ்சம் தளரும், அதன் பிறகு மறுபடி எண்ணுங்கள்.

சாயல்குடி
17 அக்டோபர், காலை 6.40

மழை ஆரம்பித்துவிட்டது. கடல் பக்கத்து வீட்டில் தட்டு தாங்குமா என்று அவர் கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டோம். என் வீட்டில் ஐப்பசி வந்தால் அட்டை உறையில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். தட்டிலும் சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருக்கும். குழாயடியில் வைத்துக் கழுவி வெயிலில் காயவைத்தேன். முன்பைவிட அதிகமாகப் பொரிகிறது, ஒரு தட்டு வளைந்தும் போனது.

பழைய செட்
17 அக்டோபர், காலை 11.20

வளைந்தது வெயிலால். இந்த பிளாஸ்டிக் 60 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் கருப்புத் தட்டு அந்தச் சூட்டை எட்டிவிடும், மூடிய காருக்குள்ளும் அப்படித்தான்.

பொரிவது குழாய்த் தண்ணீரால். நம் கடலோரத்துப் போர் தண்ணீர் எப்படி என்று சொல்லவே வேண்டாம், வாளியின் உள்பக்கம் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு பள்ளத்துக்குள்ளும் படிகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பும் சுண்ணாம்பும் அங்கேயே உட்கார்ந்துவிடும். முள் அதில் மோதுகிற சத்தம்தான் நீங்கள் கேட்பது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கேனில் வருகிற குடிதண்ணீர் போதாது, அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கும்.

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு போதும். நடுவில் இருக்கிற காகிதம் நனையாமல் பார்த்துக்கொண்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகிற போக்கிலேயே, வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுக்கக்கூடாது. பிறகு சோப்பு இல்லாத டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், சோப்பு மிச்சமிருந்தால் அதுவும் படிவுதான். தட்டு ஸ்டாண்டில் நிற்கவைத்து நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும். கடல்காற்றடிக்கும் ஜன்னல் பக்கம் வேண்டாம்.

ஏற்கெனவே படிந்த உப்பு தண்ணீரில் கரையும், அதனால் இப்படிக் கழுவினால் உங்கள் தட்டு பெரும்பாலும் திரும்பிவிடும். சுண்ணாம்பு கரையாது. எவ்வளவு தேறும் என்று கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய செட்
17 அக்டோபர், மதியம் 12.05

பூசணத்துக்கு: அது தட்டைத் தின்பதில்லை, உறைக் காகிதத்தையும் விரல் எண்ணெயையும்தான் தின்கிறது. கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள்ளேயே திரும்பப் போட்டால் ஒரே மாதத்தில் பழைய கதைதான். உள்ளுறையைப் பாலித்தீன் உறையாக மாற்றுங்கள். தடித்த, பளபளக்கும் பி.வி.சி. உறை வேண்டாம், நாள்பட்டால் தட்டின் மேல் மங்கலான கறை விடும். அலமாரியைக் கடல் பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், சிலிக்கா ஜெல் பை போட்டு, அது நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தட்டுகள் நின்றபடி இருக்கட்டும், படுக்க வைத்து அடுக்க வேண்டாம்.

கடலோரத்துக்கு ஒரு சாதகமும் உண்டு. வறண்ட ஊர்களில் தட்டு மின்னூட்டம் ஏறித் தூசியைக் காந்தம் போல இழுக்கும். நமக்கு ஈரக் காற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இங்கே தூசி ஈரத்தோடு ஒட்டிக்கொள்கிறது, பிரஷ்ஷுக்கு மட்டும் வராது.

தங்கச்சிமடம்
17 அக்டோபர், இரவு 8.45

என் பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். உச்சிப்புளிக்காரர் தனியாகச் சொன்னார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்று. நாளைக்குத் துடைக்கப் போகிறேன்.

பழைய செட்
17 அக்டோபர், இரவு 9.00

நிறுத்துங்கள். கீழே போட்டால் உடைகிறது என்றீர்களே, அது வினைல் இல்லை, அரக்கு கலந்து செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மேல்பூச்சோடு சேர்த்துப் பாட்டும் போய்விடும். வினைலுக்குக் கொஞ்சம் நீர்த்த ஸ்பிரிட் பரவாயில்லை, 78க்குத் துளிகூடக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், சீக்கிரம் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

புதுப் பிளேயரில் ஓடுமா என்றால், எல்லாவற்றிலும் ஓடாது. ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி. எல்.பி.60எக்ஸ் மாதிரிச் சின்ன பிளேயரில் 78 வேகமே கிடையாது. எல்.பி.120எக்ஸ் யு.எஸ்.பி.யில் உண்டு. வேகம் இருந்தாலும் முள் வேறு வேண்டும். 78ன் பள்ளம் அகலம், எல்.பி. முள் அதன் அடியில் போய்க் குப்பையில் புரளும், இரைச்சல்தான் கேட்கும். நான் மேலே சொன்ன வி.எம்.95 தலைக்கு 78க்கென்றே தடித்த முள் தனியாக விற்கிறார்கள், பழைய முள்ளைக் கையால் இழுத்துவிட்டு அதை மாட்டிக்கொள்ளலாம். அதன் எடை வேறு, பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மாற்ற வேண்டும்.

விலை பற்றி: தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாம். முதலில் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது, விற்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிடுங்கள்.

உச்சிப்புளி மைக்செட்
17 அக்டோபர், இரவு 9.30

நாங்கள் ஸ்பிரிட் போட்டது எல்லாம் பிளாஸ்டிக் தட்டு. 78க்கு நான் சொல்லவில்லை.

தொண்டி
19 அக்டோபர், மாலை 5.30

உறவினர் வீட்டில் நல்ல பிளேயரில் போட்டுப் பார்த்தேன். வெளிவட்டத்திலும் பொரிகிறது. தட்டுதான் போயிருக்கிறது. ஆனால் அதே வீட்டில் புதுத் தட்டு கேட்டபோது கைப்பேசிக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது கெட்ட விஷயமா?

பழைய செட்
19 அக்டோபர், இரவு 8.10

கெட்டதில்லை. புதுத் தட்டுகளில் பெரும்பாலானவை டிஜிட்டலில் பதிவானதிலிருந்துதான் வெட்டப்படுகின்றன. அளவுக் கணக்கில் சிடிதான் மேலே, மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள தூரம் அதில் அதிகம். தட்டில் நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதற்குப் பல தடவை, அந்தத் தட்டுக்கென்று வேறு கை வைத்துச் சமன் செய்திருப்பது காரணம்.

காக்காவின் மூன்றாவது கேள்விக்கும் பதில் இதன் பக்கத்தில்தான். அமெரிக்காவில் 2020ல் தட்டு விற்ற பணம் சிடி விற்ற பணத்தைத் தாண்டியது, 1986க்குப் பிறகு முதல் முறையாக. 2022ல் எண்ணிக்கையிலும் தாண்டியது, 4.1 கோடித் தட்டு, 3.3 கோடி சிடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதே நாட்டில் பாட்டு வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங்தான். சிடி சரிந்ததும் சேர்ந்துதான் இந்தத் தாண்டல். கைப்பேசியை விட்டுத் தட்டுக்கு யாரும் போகவில்லை. கைப்பேசியில் கேட்டுப் பிடித்ததைக் கையில் வைத்திருக்க வாங்குகிறார்கள்.

சாயல்குடி
19 அக்டோபர், இரவு 8.40

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கையில் வைத்திருக்க மட்டும் என்றால் ஒருவர் புல்லி கடைந்து, நூறு சுற்று எண்ணுவாரா? ஒரு பக்கம் இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்க வைக்கிறது. அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட விரல் போவதில்லை. எனக்கு அதுதான் காரணம்.

கடற்கரைத்தெரு
24 அக்டோபர், இரவு 10.05

ஃபோனோ ப்ரீஆம்ப் வந்தது, எர்த் ஒயர் மாட்டினேன், ஹம் இல்லை. வேகம் சரி. ஆனால் வலப்பக்கம் பாதிச் சத்தம்தான். ஒயரை ஆட்டினால் முழுதாக வந்து திரும்பப் போகிறது. வாப்பா காலத்து முள்தான் இன்னும் இருக்கிறது.

பழைய செட்
24 அக்டோபர், இரவு 10.40

ஆட்டினால் வருகிறது என்றால் முள் இல்லை, தொடுப்புதான். காட்ரிட்ஜின் பின்னால் நான்கு சின்ன ஊசி இருக்கும், அவற்றில் நான்கு நிற ஒயர் சொருகியிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சை படிந்திருக்கும். உப்புக்காற்று வேலை. ஒவ்வொன்றாகக் கழற்றி, காண்டாக்ட் கிளீனரைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, அடுத்ததைத் தொடுவதற்கு முன் அதைத் திரும்ப மாட்டுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எது எங்கே என்று குழம்பும். ஸ்பிரே நேராக அடிக்க வேண்டாம், முள்ளின் ரப்பர் பிடியில் பட்டால் கெடும். பின்பக்கம் ஆர்.சி.ஏ. பின்னையும் அப்படியே.

முள்ளைப் பொறுத்தவரை, பரணில் நாற்பது வருடச் சூட்டில் அந்த ரப்பர் பிடி இறுகியிருக்கும். நுனி வைரம் நன்றாகவே இருந்தாலும் முள் பள்ளத்தோடு அசைந்து கொடுக்காது. மகன் வாங்கி வந்த புதுத் தட்டை அதில் போடாதீர்கள். காட்ரிட்ஜின் மேல் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள், அதற்கு மாற்று முள் கிடைக்கிறதா பார்ப்போம். கிடைக்காவிட்டால் காட்ரிட்ஜையே மாற்றிவிடலாம், காட்ரிட்ஜைத் தாங்கும் கையில் அரை அங்குலத் தூரத்தில் இரண்டு திருகு இருந்தால் இன்று விற்பதில் பெரும்பாலானவை பொருந்தும்.

கடற்கரைத்தெரு
25 அக்டோபர், காலை 7.30

இரண்டு திருகு இருக்கிறது. அரை அங்குலம்தான். மேலே இருந்த எண் அழிந்துவிட்டது, படிக்க முடியவில்லை.

பழைய செட்
25 அக்டோபர், காலை 9.10

அப்படியென்றால் புதுக் காட்ரிட்ஜ். மாட்டிய பிறகு தட்டை எடுத்துவிட்டு, கை உள்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்கிற பக்க இழுப்புத் திருகைப் பூஜ்யத்தில் வைத்து, கை காற்றில் மிதக்கும் வரை பின்பக்க எடையைத் திருப்புங்கள். மிதந்ததும் எண் போட்ட வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு வளையத்தையும் எடையையும் சேர்த்து 2க்குக் கொண்டுவாருங்கள். பக்க இழுப்பும் 2. தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு மகனின் தட்டைப் போடலாம்.